ஹெல்த் பாலிசி பிடிஎஃப்-ல் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள்

ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைலை மட்டும் நம்பி ஹெல்த் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

அப்பாவுக்குக் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலிசி எடுத்து ஒன்றேகால் வருடம், ஐந்து லட்சம் கவர், பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம். பாலிசியோடு ஏஜெண்ட் தந்த ஒரு பக்கச் சுருக்கத்தில் ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் எதிரே பச்சை டிக். அட்மிட் ஆகி, கேஷ்லெஸுக்கு அனுப்பி, காலையில் ஆபரேஷன் என்று இருக்கும்போது ராத்திரி பதில் வந்தது: அனுமதி இல்லை, காரணம் Excl02. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்தைக் கையிலிருந்து கட்டினோம்.

அந்த Excl02 என்னவென்று பார்க்கலாம் என்றால் எங்கள் பிடிஎஃப்-ல் அது இல்லவே இல்லை. அடியில் பக்க எண்ணைப் பார்த்தால் 9/31-க்கு அடுத்து நேராக 14/31. மூன்றாம் பிரிவு ஆயுஷ் சிகிச்சையோடு முடிகிறது, அடுத்த பக்கம் ஐந்தாம் பிரிவின் நடுவில், கிளைம் எப்படிச் செய்வது என்பதில் ஆரம்பிக்கிறது. நடுவில் இருந்த நான்காம் பிரிவுதான் விலக்குகள், அது முழுதாகக் காணோம். ஏஜெண்டைக் கேட்டால் "ஃபைல் பெரிசா இருந்துச்சு சார், முக்கியமானதை மட்டும் அனுப்பினேன்" என்றார்.

இந்த Excl எண்கள் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தவை, அதனால் எந்தக் கம்பெனி பாலிசியிலும் ஒரே அர்த்தம்தான். 01 ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு, அதாவது அந்தக் காலம் முடியும்வரை அவற்றுக்குக் கிளைம் கிடையாது. 02 குறிப்பிட்ட சில நோய்கள், ஆபரேஷன்களுக்கான காத்திருப்பு, ஹெர்னியாவும் கண்புரையும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும். எங்கள் பாலிசியில் 24 மாதம். ஆக அந்தப் பச்சை டிக் பொய்யில்லை, ஆனால் 24 மாதம் கழித்துத்தான் அது உண்மை. சுருக்கத்தை நம்பக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான், என்னென்ன உண்டு என்று எழுதியிருப்பார்கள், எப்போதிலிருந்து என்று எழுத மாட்டார்கள்.

அந்தப் பிரிவில் மூன்று விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். பட்டியலில் உள்ள நோய் பாலிசி எடுத்த பிறகு வந்திருந்தாலும் காத்திருப்பு உண்டு, முன்பே சொல்லி கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்தாலும் உண்டு. "எல்லாத்தையும் டிக்ளேர் பண்ணியாச்சு, கவலைப்படாதீங்க" என்று ஏஜெண்ட் சொன்னால் அது இங்கே உதவாது. விபத்தால் வந்ததென்றால் மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. அப்புறம், இடையில் கவரை மூன்றிலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தினால், கூடின இரண்டு லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஆரம்பிக்கும்.

பக்கம் குறைந்தால் ஏஜெண்டிடம் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் பெயர், கவர் தொகை எல்லாம் போட்டிருக்கும் ஷெட்யூல் பக்கத்தில் UIN என்று ஒரு நீளமான எண் இருக்கும், அதை வைத்துக் கம்பெனி இணையதளத்திலேயே முழு பாலிசி வாசகத்தை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் V-க்குப் பின்னால் வரும் எண்வரை ஒத்துப்போகிறதா பாருங்கள், அது பதிப்பு எண். ஒரே பெயரில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கிடக்கும், இரண்டிலும் காத்திருப்பு மாதங்கள் வேறாக இருக்கலாம். உங்களுக்கென்று தனியாக ஏதாவது நோயை விலக்கியிருந்தால் அது பொது வாசகத்தில் இருக்காது, ஷெட்யூலிலோ பாலிசியோடு தனியாக இணைக்கும் எண்டார்ஸ்மென்டிலோதான் இருக்கும், அதையும் தேடுங்கள்.

கம்பெனியே தரும் வாடிக்கையாளர் தகவல் தாள் ஏஜெண்டின் சுருக்கத்தைவிட எவ்வளவோ மேல், ஒவ்வொரு வரிக்கும் எதிரே பாலிசிப் பிரிவின் எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்து மூலத்தில் போய்ப் பாருங்கள், அந்தப் பிரிவு உங்கள் ஃபைலில் இல்லையென்றால் பக்கம் விடுபட்டிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் தாளுக்கும் பாலிசிக்கும் முரண்பாடு வந்தால் பாலிசி சொல்வதே செல்லும் என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

புது பாலிசி என்றால் ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் உண்டு, பிடிக்கவில்லையென்றால் திருப்பிவிடலாம். அதற்குள் கம்பெனியின் மெயிலுக்கு, "இந்த UIN-ன் முழு வாசகத்தை எல்லாப் பக்கங்களோடும் அனுப்புங்கள், இன்ன நோய்க்குக் காத்திருப்பு எந்தத் தேதியில் முடிகிறது" என்று எழுதிக் கேளுங்கள். தேதியோடு எழுத்தில் பதில் வாங்குங்கள், போனில் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நாங்கள் கம்பெனிக்குப் புகார் கொடுத்தோம், முழு வாசகம் இணையதளத்தில் இருக்கிறதே என்று பதில் எழுதிவிட்டார்கள். அடுத்து, கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகிறோம், கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. ஏஜெண்ட் அனுப்பிய அந்தக் குறை பிடிஎஃப், அது வந்த தேதி தெரியும் வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட், பச்சை டிக் போட்ட சுருக்கம், மூன்றையும் இணைக்கிறோம்.