"வெறும் 2%": ஒரு ஸ்லைடைச் சுருக்க இரண்டு வழிகள்

சிங்கப்பூரின் தேக்காவில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரால், பொருள், சேவை வரி பற்றி சமூக மன்றத்தில் நடந்த கூட்டத்துக்கு வர முடியவில்லை. "நீ போறதானே, ஒரு பக்கம் தமிழ்ல எழுதிக் கொடு. சட்டத்துல இருக்கறதையும் பேச்சாளர் சொந்தமா சொல்றதையும் கலந்துடாதே" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சிக்கல் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

பேச்சாளர் காட்டியதில் முக்கியமான ஸ்லைடு இது. தலைப்பு: "வெறும் 2% உயர்வுதான்". கீழே மூன்று வரிகள். வரி 7 விழுக்காட்டிலிருந்து 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9 ஆனது. ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடை வரிக்குப் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. எனவே சிறு கடைகளுக்குப் பாதிப்பில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் தகவல், வலப்பக்கம் கருத்து. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எண்களை மட்டும் தேடுகிறவருக்கு இதைவிடச் சுலபமான வடிவம் கிடையாது.

ஆனால் தலைப்பை எங்கே வைப்பது? எண் இருப்பதால் கை தானாக இடப்பக்கம் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 போய் 9 வந்தால் 2 விழுக்காட்டுப் புள்ளி கூடியிருக்கிறது. கட்டும் வரித்தொகையோ சுமார் 28.6% கூடியிருக்கிறது. 100 வெள்ளிப் பொருளுக்கு வாடிக்கையாளர் கொடுப்பது 107லிருந்து 109 ஆனதால், அவருக்கு விலையேற்றம் சுமார் 1.9% மட்டுமே. மூன்று எண்களும் சரி. எதைத் தலைப்பில் போடுவது என்பதும், முன்னால் "வெறும்" சேர்ப்பதும் பேச்சாளரின் கருத்து. தகவலுக்குள்ளேயே கருத்து உட்கார்ந்திருக்கும்போது தாளின் நடுக்கோடு அதைப் பிரிக்காது.

அடுத்த சேதம் "எனவே". இரண்டாம் வரி இடப்பக்கமும் மூன்றாம் வரி வலப்பக்கமும் போனதும் அந்தச் சொல் காணாமல் போயிற்று. படிப்பவருக்கு இரண்டும் தொடர்பில்லாத வரிகள். உண்மையில் ஆராய வேண்டியதே அந்த இணைப்பைத்தான்.

இன்னொன்று, இடப்பக்கம் எழுதியதெல்லாம் முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும். வேறொரு ஸ்லைடில் 9% வந்தது 2023 என்று தவறாகப் போட்டிருந்தார்கள். தகவல் என்றால் சரிபார்க்கக்கூடியது, அவ்வளவுதான். சரியானது என்று பொருளில்லை. நானும் அதை அப்படியே இடப்பக்கம் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் அந்தப் பக்கத்தின் பெயரைச் "சரிபார்க்க வேண்டியவை" என்று மாற்றினேன்.

இரண்டாவது வழி, கோடு போடாமல் தொடர் வாக்கியங்களாக எழுதி, யார் சொல்வது என்பதை வினைச்சொல்லில் காட்டுவது: கூறுகிறார், கருதுகிறார், கணிக்கிறார். வருங்கால விற்பனை பற்றிப் புள்ளிக்கோட்டில் வரைந்த வரைபடத்துக்குக் "கணிக்கிறார்" கச்சிதமாகப் பொருந்தியது. மடித்த தாளில் அதற்கு இடமே இல்லை.

இதில் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. வினை கடைசியில் வருகிறது. "சிறு கடைகளுக்குப் பாதிப்பில்லை என்று பேச்சாளர் கருதுகிறார்" என்று எழுதினால், "பாதிப்பில்லை" மனத்தில் பதிந்த பிறகுதான் "கருதுகிறார்" வந்து சேரும். அவசரமாகப் படிப்பவர் பாதியிலேயே அடுத்த வரிக்குப் போய்விடுவார். அதனால் ஆளை முன்னால் கொண்டுவந்தேன்: "பேச்சாளர் பார்வையில்..." சுருக்கமாக இருக்கிறதே என்று "பாதிப்பில்லையாம்" என்றும் எழுதிப் பார்த்தேன். அது கேலியாக ஒலிக்கிறது. அவர் கருத்தோடு என் கருத்தும் சேர்ந்துகொள்கிறது. அடித்துவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. இருபது ஸ்லைடுக்கு இப்படி எழுதினால் "பேச்சாளர், பேச்சாளர்" என்று சலிப்புத் தட்டும். ஒரு தேதியைத் தேட முழுப் பத்தியையும் படிக்க வேண்டும். அட்டவணையும் தேதியும் நிறைந்த ஸ்லைடுக்கு மடித்த தாளே மேல். "எனவே", "ஆகையால்" போன்ற சொல் ஒன்று வந்துவிட்டால் நான் தொடர் வாக்கியத்துக்குத்தான் போவேன்.

அண்ணனுக்குப் போன வரி இது: "1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடைக்குப் பதிவு கட்டாயமில்லை, இதை வைத்து, சிறு கடைகளுக்குப் பாதிப்பில்லை என்ற முடிவுக்குப் பேச்சாளர் வருகிறார்."

படித்துவிட்டு உடனே போன் செய்தார். "முடிவுக்கு வர்றாரா? நான் பதிவு பண்ணலதான். ஆனா மொத்த வியாபாரி எனக்கு வரி போட்டுத்தானே பில் தர்றார்? 200 வெள்ளிச் சரக்குக்கு முன்னே 14 வெள்ளி, இப்ப 18. பதிவு பண்ணினவன் அதைத் திரும்ப வாங்கிக்கலாம், நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

மடித்த தாளையும் அவருக்கு அனுப்பியிருந்தேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.