பேட்டிக்கு ஆள் சேர்ப்பது: நிறுவனமா, கங்காணியா, மிஸ்டு காலா?

தோட்ட வேலைக்கு ஆள் அழைத்துப் போகும் கங்காணி மூலம் எட்டுப் பேரைப் பேட்டிக்கு அழைத்திருந்தோம். எட்டுப் பேரும் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பயனர் ஆய்வில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட வருகை வாய்ப்பது அபூர்வம் என்பதால் எனக்கு ஒரே மகிழ்ச்சி. அதுதான் கெட்ட அறிகுறி என்பது அன்று மாலைதான் உறைத்தது.

வேலை இதுதான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைக்கு மேலே போய், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பும் பெண்கள் கூலிக் கணக்கைக் குறித்துக்கொள்ள ஒரு கைபேசிச் செயலியை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம், என்னென்ன பிடித்தம் என்பதை இப்போது எப்படி நினைவில் வைக்கிறார்கள், கணக்கு இடித்தால் யாரிடம் கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவரிடமும் 45 நிமிடம் பேச்சு, அதற்கு 400 ரூபாய் அன்பளிப்பு. ஆள் சேர்ப்பதற்கு மூன்று வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தேன்.

முதல் வழி, நகரத்தில் இருக்கும் ஆள் சேர்ப்பு நிறுவனம். இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தலைக்கு 1,500 ரூபாய் கட்டணம், அன்பளிப்பு தனி. நகரவாசிகள் வேண்டும் என்றால், வங்கிச் செயலி பயன்படுத்துபவர்கள், இரு சக்கர வாகனம் வைத்திருப்பவர்கள் என்று கேட்டால், நான்கு நாளில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அவர்களுடைய பட்டியலில் இல்லை. அனுப்பிய ஆறு பேரில் மூன்று பேர் தேனி நகரத்தைத் தாண்டி வேலைக்குப் போனவர்களாகத் தெரியவில்லை. அவர்களில் ஒரு பெண், ‘முன்பு சோப்பு பற்றிய ஆய்வில் கேட்டது போலத்தானே கேட்பீர்கள்?’ என்று உற்சாகமாக ஆரம்பித்தார். ஆறு பேருக்கும் சேர்த்து மொத்தம் 11,400 ரூபாய், தேறியது மூன்று பேர். அதாவது ஒரு நல்ல பேட்டிக்கு 3,800.

குறையில் பாதி எங்களுடையதும்தான். தேர்வுக் கேள்வித்தாளில் ‘நீங்கள் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறீர்களா?’ என்று நேராகக் கேட்டிருந்தோம். ஆம் என்றால் இடம் உண்டு என்று யாருக்கும் புரியும். பிறகு அதை ‘போன வாரம் எந்தெந்த நாள் வேலைக்குப் போனீர்கள், எங்கே, என்ன வேலை?’ என்று மாற்றினோம். போனவர் தயங்காமல் சொல்வார். போகாதவர் இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறுவார்.

இரண்டாவது வழி கங்காணி. ஜீப்பில் ஆள் ஏற்றி மேலே அழைத்துப் போகிறவர், ஊரில் எல்லோரையும் அறிந்தவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும். கட்டணம் எதுவும் வேண்டாம் என்றார். காகிதத்தில் பார்த்தால் ஒரு பேட்டிக்கு வெறும் 400 ரூபாய். இதைவிட மலிவான வழி கிடையாது.

எட்டுப் பேட்டியும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. கணக்கில் தகராறு வருமா என்றால், ‘அதெல்லாம் சரியாகத்தான் கொடுக்கிறார்கள், சார்.’ முன்பணம் வாங்கினால் எங்கே குறிப்பீர்கள் என்றால், ‘அவரே எழுதிக்கொள்வார்.’ அவர் என்றால் கங்காணி. அவர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த அக்காவுக்குப் பணத்தைக் கொடுத்தபோது, ‘சில்லறையாகத் தர முடியுமா? அவருக்கு நூறு கொடுக்க வேண்டும்’ என்றார். எட்டுப் பேரிடமும் நூறு. கட்டணம் இல்லை என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

பணம் போனது சிறிய விஷயம். என் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று: அழைக்கப்பட்டவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்ததா? நாளைக் காலை ஜீப்பில் இடம் வேண்டுமானால் இன்று அவர் சொன்ன இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்ற நிலையில், நான் என்னதான் ஒப்புதல் படிவத்தை நிதானமாக வாசித்துக் காட்டினாலும் அது சடங்குதான். சம்மதம் என் மேசைக்கு வருவதற்கு முன்பே வேறொருவர் வாங்கி முடித்துவிட்டார். 2023ஆம் ஆண்டு இந்தியாவில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமானதாகவும் நிபந்தனை இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. அந்த எட்டுப் பேரில் யார் திரும்பப் பெறுவார்? யாரிடம் போய்ச் சொல்வார்? கங்காணியிடமா?

சட்டத்தை விடுங்கள், ஆய்வுக்கே அது உதவவில்லை. கணக்கு எழுதுகிறவர் அழைத்து வந்த ஆட்களிடம் கணக்கில் குளறுபடி உண்டா என்று கேட்டால் என்ன பதில் வரும்? எட்டுப் பதிவுகளையும் அழித்துவிட்டேன்.

மூன்றாவது வழிக்கு இதிலிருந்துதான் வந்தேன். ஊரில் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றில் கணக்கு எழுதும் பெண்ணிடம் ஒரு சிறிய அட்டைக் கட்டைக் கொடுத்தோம். என்ன வேலை, 45 நிமிடம், 400 ரூபாய், குரல் பதிவு செய்ய அனுமதி கேட்போம், பேச விருப்பம் இருந்தால் இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது. அவர் யார் பெயரையும் எங்களிடம் தரக் கூடாது, யாரையும் வற்புறுத்தக் கூடாது. அவருடைய உழைப்புக்கு 1,500 ரூபாய், ஒருவர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் அதே தொகை. தலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் அவரும் சிறிய கங்காணியாக மாறியிருப்பார். அவர் மேல் குறை இல்லை, அந்தக் கணக்கு அப்படி இழுக்கும்.

19 மிஸ்டு கால் வந்தது. பகலில் மேலே பல இடங்களில் சிக்னல் கிடையாது, திரும்பியதும் சமையல். ஆகையால் இரவு ஏழரையிலிருந்து எட்டரைக்குள் நானே திரும்ப அழைத்தேன். மூன்று பேர் தோட்ட வேலைக்குப் போகாதவர்கள், நன்றி சொல்லி வைத்துவிட்டேன். விவரம் முழுவதையும் கேட்டபின் ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவருக்குக் குரல் பதிவு பிடிக்கவில்லை, ஒருவர் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றார், மற்றவர்கள் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஐந்து மறுப்பும் எனக்குத் தெம்பாக இருந்தன. மறுக்க இடம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறு என்ன? மீதி 11 பேருக்கு நேரம் ஒதுக்கி, ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் துக்க வீட்டுக்குப் போய்விட்டார், இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. எங்களுக்குத் தேவை எட்டு. வராமல் போவார்கள் என்று கணக்கிட்டே மூன்று பேரைக் கூடுதலாகச் சேர்த்திருந்தோம். தேவைக்கு மேல் வருகிறவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தாலும் முழுத் தொகையையும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

செலவு: குழுப் பெண்ணுக்கு 1,500, ஒன்பது பேருக்கு 3,600. பேட்டிக்கு 567 ரூபாய் அளவில் வருகிறது. என் மாலைப் பொழுதுகள் நான்கு போனதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் நிறுவனத்தின் 3,800ஐ எட்டாது.

நேரம் ஒதுக்குவதில் முதலில் தவறினேன். வார நாள் இரவு ஏழு மணி என்று எழுதி வைத்திருந்தேன். போனில் பேசிய முதல் அக்காவே சிரித்துவிட்டு, ‘தம்பி, அந்த நேரத்துக்கு அடுப்பை யார் பார்ப்பது?’ என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று மாற்றினோம். காலையில் 10, 11.15, மதியம் 2, 3.15 என்று நாளைக்கு நான்கு இடம், மூன்று ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி இடைவெளி வைத்தது குறிப்பு எழுதுவதற்காக மட்டும் அல்ல. முன்னவரும் பின்னவரும் வாசலில் சந்தித்து ‘என்ன கேட்டார்கள்?’ என்று பேசிக்கொள்ளாமல் இருக்கவும்தான். இடம், ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும் டியூஷன் சென்டர் ஒன்றின் அறை. முந்தைய நாள் இரவு மறுபடியும் ஒரு போன். குறுஞ்செய்தி அனுப்பிப் பயனில்லை. கைபேசி பெரும்பாலும் மகனிடம் இருக்கும்.

400 ரூபாய் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாள் கூலியைத் தாண்டக் கூடாது, விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு அற்பமாகவும் இருக்கக் கூடாது. சக ஊழியர் ஒருவர் ஆயிரம் கொடுக்கலாம் என்றார். ஆயிரத்துக்காகக் குரல் பதிவையும் சகித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் நினைத்துவிட்டால், ‘வேண்டாம்’ என்ற சொல்லை இம்முறை நானே பறித்தவன் ஆவேன்.

பணத்தைப் பேட்டியின் தொடக்கத்திலேயே, உறையில், ரொக்கமாகக் கொடுத்துவிடுவேன். ‘நடுவில் எழுந்து போனாலும் இது உங்களுடையது’ என்று சொல்லிவிட்டுத்தான் பதிவுக் கருவியை வெளியே எடுப்பேன். யுபிஐ வசதிதான், ஆனால் பணம் மகனுடைய எண்ணுக்குப் போகும், பரிவர்த்தனையில் பெயரும் நிற்கும். ரசீதுத் தாளையும் பேட்டிக் குறிப்பையும் வெவ்வேறு இடத்தில் வைக்கிறோம். குறிப்பில் பெயருக்குப் பதில் ஒரு வரிசை எண் மட்டுமே இருக்கும்.

ஒப்புதலை மூன்று தனிக் கேள்விகளாகப் பிரித்தேன்: பேசச் சம்மதமா, பதிவு செய்யச் சம்மதமா, அவர்கள் கணக்குக் குறிக்கும் நோட்டைப் படம் எடுக்கச் சம்மதமா. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி ஏமாந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தாளை நீட்டினாலே முகம் மாறுகிறது. வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவின் முதல் நிமிடத்தில் வாங்கிக்கொள்கிறோம். பதிவுக்கு மறுத்தவரிடம் கையால் குறிப்பு எடுத்துக்கொள்கிறோம். வாசித்து முடித்ததும், ‘நான் என்ன சொன்னேன் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் அக்கா’ என்று கேட்பேன். இரண்டாம் ஞாயிறு வந்த ஒருவர், ‘இதை எங்கள் கங்காணியிடம் போட்டுக் காட்ட மாட்டீர்கள்’ என்றார். நான் வாசித்ததில் அந்த வரியே இல்லை. அடுத்த பேட்டியிலிருந்து அதைச் சேர்த்துவிட்டேன்.

பலன் உடனே தெரிந்தது. ஒன்பதில் ஆறு பேர் கேட்காமலேயே கணக்குத் தகராறு ஒன்றைச் சொன்னார்கள். கங்காணி வழியில் அது பூஜ்யம். ஒருவர் காலண்டர் தாளில் நாளுக்கு ஒரு புள்ளி வைத்து, முன்பணம் வாங்கிய நாளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். செயலியின் முதல் திரை அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் வரையப்பட்டது.

நான் இப்படிச் சாய்வது கம்பம் பக்கத்து அனுபவத்தை வைத்துத்தான். மேலேயே லயங்களில் தங்கி வேலை செய்யும் குடும்பங்களிடம் இது எடுபடுமா என்பது சந்தேகம். அங்கே குழுப் பெண்ணும் அட்டையும் தோட்டத்து வாசலைத் தாண்ட வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்களிடம் நான் பேசிப் பார்த்ததில்லை. அவசரமாக மூன்றே நாளில் ஆள் வேண்டும் என்றால் நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டியிருக்கும். மிஸ்டு கால் வழிக்கு அட்டை போனதிலிருந்து கடைசிப் பேட்டி வரை ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது.

கங்காணி பிறகு ஒருமுறை பஸ் நிலையத்தில் பார்த்தார். ‘என்ன சார், ஆள் வேண்டாமா?’ என்றார். வேண்டாம் அண்ணே என்றேன். குழுப் பெண்ணிடம் இன்னும் எட்டு அட்டை மிச்சம் இருக்கிறது. பறிப்பு முடிந்ததும் அடுத்த சுற்று.