செக்‌ஷன் பிளேனை மாடலிலேயே விடுவதா, வெட்டுக்கோட்டை எடுத்துத் தனியாக வரைவதா?

ஈரோட்டில் வீடுகளுக்கு பிளான் போடுவது என் தொழில். ஸ்கெட்ச்அப்பில் வீட்டை முழுதாக மாடல் செய்த பிறகு, அதிலிருந்து செக்‌ஷன் எடுக்க இரண்டு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். முதல் வழியில், செக்‌ஷன் பிளேனை வைத்து `Create Group from Slice` கொடுத்து, வரும் கோடுகளை ஆட்டோகேடுக்குக் கொண்டுபோய் அங்கே வரைந்து முடிக்க வேண்டும். இரண்டாவது வழியில், பிளேனை மாடலிலேயே விட்டு, ஒவ்வொரு வெட்டையும் ஒரு சீனாகச் சேமித்து, அதே கோப்பை லேஅவுட்டில் இணைத்துத் தாளாக்க வேண்டும். இப்போது நான் இரண்டாவது வழிக்கே வந்துவிட்டேன்.

மாடலை நகலெடுத்து வேண்டாத பாதியை அழித்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. உள்பக்கத்தைக் காட்டும் ஒரே ஒரு படத்துக்கு அது போதும், வரைபடத்துக்கு உதவாது. வேகம் பெரிய விஷயமில்லை, முதல் முறை வரையும்போது இரண்டு வழிக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. மாற்றம் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கோபி பக்கம் ஒரு மாடி வீடு. தளத்துக்குத் தளம் 3150 மி.மீ., படி உயரம் 175, மொத்தம் 18 படி. நடுவில் திரும்பும் படிக்கட்டு என்பதால் பக்கத்துக்கு 9 படி, லேண்டிங் 1575-ல். செக்‌ஷன்களை வெட்டுக்கோடாக எடுத்து ஆட்டோகேடில் வரைந்து கொடுத்தாயிற்று. பேஸ்மெண்ட் முடிந்த நேரத்தில் வீட்டுக்காரர் ஹாலின் உயரம் கொஞ்சம் கூடட்டும் என்றார். ஒரு படி சேர்த்தால் 19 படி, 3325. கீழே 10, மேலே 9. லேண்டிங் 1750-க்கு ஏறும். மாடலில் திருத்தினேன், படிக்கட்டை நீளவாக்கில் வெட்டிய ஏ-ஏ தாளையும் திருத்தினேன். லேண்டிங்கைக் குறுக்காக வெட்டிய பி-பி தாளைத் தொட மறந்துவிட்டேன். சென்ட்ரிங் அடிக்கும் அன்று காலையில் மேஸ்திரி போன் செய்தார்: “ஏனுங்க, ஒரு தாள்ல லேண்டிங் ஒரு மட்டம், இன்னொரு தாள்ல ஒரு மட்டம் இருக்குதுங்களே, எதைப் புடிக்கறதுங்க?” அவர் இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டிருந்தால் லேண்டிங் ஒரு படி தாழ்ந்தே கான்கிரீட் ஆகியிருக்கும்.

`Create Group from Slice` என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். அந்த நொடியில் பிளேன் எங்கே வெட்டுகிறதோ அங்கே கோடுகளை வரைந்து ஒரு குரூப்பாக வைத்துவிடும். அதன் பிறகு அந்தக் கோட்டுக்கும் சுவருக்கும் ஒட்டுறவு கிடையாது. சுவர் நகர்ந்தாலும் கோடு பழைய இடத்திலேயே நிற்கும். பிளேன் அப்படியில்லை. மாடல் மாறினால் வெட்டும் தானாக மாறும்.

போன மாதம் பெருந்துறை வேலையிலும் இதே மாதிரி ஒரு படி கூட்டச் சொன்னார்கள். மாடலில் படியைச் சேர்த்தேன், மேல்தளத்தை 175 உயர்த்தினேன், லேண்டிங் ஜன்னலையும் அதன் சன்ஷேடையும் கூடவே நகர்த்தினேன். லேஅவுட்டில் `Update Model Reference` கொடுத்ததும் இரண்டு பிளான், இரண்டு செக்‌ஷன், ஒரு எலிவேஷன் என ஐந்தும் புது மட்டத்துக்கு வந்துவிட்டன. ஆனால் கையால் டைப் செய்த மட்டக் குறிப்பு மாறாது. +1575 என்று எழுதியிருந்தால் அப்படியேதான் நிற்கும். அதனால் மட்டத்தை எழுத்தாகப் போடுவதை விட்டுவிட்டேன், தரையிலிருந்து லேண்டிங்குக்கு அளவுக்கோடு இழுத்துவிடுகிறேன். சில நேரம் அந்தக் கோடும் பிடி விட்டுப்போகும். அதனால் பிரிண்டுக்கு முன் ஒருமுறை கூட்டிப் பார்ப்பேன்: 1750-ம் 1575-ம் சேர்ந்து 3325 வருகிறதா, ஏ-ஏ, பி-பி இரண்டிலும் அதேதானா என்று.

பிளேனை வைக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பக்கச் சுவரின் மேல் கர்சரை வைத்து, `Shift` அழுத்தி திசையைப் பூட்டி, வைத்த பிறகு `Move` கொண்டு படிக்கட்டு வரை உள்ளே தள்ளுவேன். ஒரு வரிசைப் படியை வெட்டி மறு வரிசையைப் பார்க்கும்படி நிறுத்துவேன். பார்வை எதிர்ப்பக்கம் போனால் `Reverse`. பிறகு `Align View`, `Parallel Projection`, அப்புறம்தான் சீன். பெர்ஸ்பெக்டிவில் சேமித்த சீனுக்கு லேஅவுட்டில் 1:50 ஸ்கேல் போட முடியாது.

பிளேனை வைக்கும்போது ஏதாவது குரூப்புக்குள் திறந்திருந்தால் அது அந்த குரூப்பை மட்டுமே வெட்டும். சோபா பாதியாகியிருக்கும், சுவர் முழுதாக நிற்கும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒரு மட்டத்தில் ஒரு பிளேன்தான் வெட்டும் நிலையில் இருக்கும், உள்ளே இருக்கும் குரூப்புக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். வீட்டம்மாவுக்குச் சமையலறையைக் காட்ட இதைத்தான் பயன்படுத்துகிறேன். வீடு முழுவதையும் ஒரு குரூப்பாக்கி, வெளியே ஒரு பிளேன், குரூப்புக்குள் இன்னொரு பிளேன் வைத்தால் முன்சுவரும் பக்கச்சுவரும் ஒன்றாக விலகும். மூலையைத் திறந்து பார்த்தது போல மேடையும் லாஃப்டும் தெரியும்.

வெட்டிய சுவருக்குள் நிறம் நிரப்பும் `Section Fill` 2018 பதிப்பிலிருந்து இருக்கிறது. சில சுவரில் மட்டும் நிறம் ஏறாமல் வெற்றாக நின்றால், அந்தச் சுவரில் ஒரு முகம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். வெட்டுக்கோடு சேர்ந்து மூடாததால் நிரப்ப முடியவில்லை. சுவரைத் தேர்ந்து `Entity Info` பாருங்கள். `Solid Group` என்று வராவிட்டால் விட்ட முகத்தைத் தேடி மூட வேண்டும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சுவரின் அடிப்பக்கமாக இருக்கும்.

வெட்டுக்கோட்டு வழி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பிளானுக்குத் தரையிலிருந்து 1200-ல் பிளேன் வைக்கிறேன். அதற்கு மேலே இருப்பது எதுவும் தெரியாது. ஏழாவது படி 1225-ல் வருகிறது, அதனால் ஆறு படியோடு படிக்கட்டு நின்றுவிடும், லாஃப்டும் காணாமல் போகும். கட்டுபவருக்கு அவை புள்ளிக்கோட்டில் வேண்டும். லேஅவுட்டில் அவற்றை மேலே கையால்தான் வரைகிறேன், மாற்றம் வந்தால் அதையும் கையால்தான் திருத்துகிறேன். செங்கலுக்கு ஒரு ஹேட்ச், கான்கிரீட்டுக்கு ஒரு ஹேட்ச் வேண்டுமென்றாலும் ஆட்டோகேடே சுலபம், ஏனென்றால் `Section Fill` எல்லாவற்றுக்கும் ஒரே நிறம்தான் கொடுக்கும்.

நான் சொல்வதெல்லாம் தரைத்தளம், மேல்தளம் உள்ள வீடுகளை வைத்துத்தான். அடுக்குமாடிக்கோ மில் கட்டடத்துக்கோ இப்படிச் செய்து பார்த்ததில்லை. அந்த அளவு மாடலில் லேஅவுட் எவ்வளவு இழுக்கும் என்பதை அதில் வேலை செய்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆட்டோகேட் கோப்பு கேட்டால் இப்போதும் வெட்டுக்கோட்டை ஏற்றுமதி செய்து அனுப்புகிறேன். கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டு, மாடல் மாறிய அன்றே பழையதை நீக்கச் சொல்லிவிட்டுப் புதியதை அனுப்புகிறேன். மேஸ்திரி கைக்குப் போவது லேஅவுட் தாள் மட்டும்தான்.