அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை நாளில் தங்கத்தில் ‘நிச்சய லாபம்’ விற்பவர்களிடம் கவனம்

டெலிகிராமில் கட்டணம் வாங்கும் ஒரு குழு சொன்ன முறையில் பணம் இழந்திருக்கிறேன். அதே முறையை இன்னும் பலர் விற்பதால் எழுதுகிறேன்.

அறிக்கை நம் நேரப்படி மாலை 6 மணிக்கு வரும், அமெரிக்கக் குளிர்காலத்தில் 7 மணிக்கு. அதற்குச் சற்று முன், நடப்பு விலைக்கு 4 டாலர் மேலே ஒரு பை ஸ்டாப், 4 டாலர் கீழே ஒரு செல் ஸ்டாப் போடச் சொன்னார்கள். விலை அந்த அளவுக்கு ஏறினால் முதலாவது தானாக வாங்கும், இறங்கினால் இரண்டாவது தானாக விற்கும். எந்தப் பக்கம் ஓடினாலும் லாபம் என்றார்கள். கணக்கை மட்டும் அவர்கள் காட்டிய வெளிநாட்டுச் செயலியில்தான் தொடங்க வேண்டும்.

நடந்ததை முழு எண்களில் சொல்கிறேன். தங்கத்தின் விலை அவுன்ஸுக்கு 2400 டாலர். புதிய வேலைகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று வந்தது. அப்படியென்றால் வட்டி சீக்கிரம் குறையாது, டாலர் ஏறும், தங்கம் இறங்கும். கணினி நிரல்கள் அந்த ஒரு எண்ணைப் பார்த்து நொடியில் விற்றன. என் செல் ஸ்டாப் 2396-இல் இருந்தது, கிடைத்த விலையோ 2391. விலை தொட்டதும் ஸ்டாப் ஆர்டர், கிடைக்கிற விலைக்கு முடியும் மார்க்கெட் ஆர்டராகிவிடும். அந்த நொடியில் அருகில் வாங்குவோர் இருக்கமாட்டார்கள்.

அப்புறம்தான் அறிக்கையின் மீதியைச் சந்தை படித்தது. முந்தைய இரண்டு மாத எண்களைக் குறைத்துத் திருத்தியிருந்தார்கள், வேலையின்மை விகிதமும் ஏறியிருந்தது. தங்கம் திரும்பியது. நஷ்டம் பெருகாமல் வெளியேற 2399-இல் வைத்திருந்த ஸ்டாப் லாஸ் 2402-இல் முடிந்தது. பை ஸ்டாப்பும் 2407-இல் மாட்டி, விலை மறுபடி இறங்கியதில் 2400-இல் வெளியேறியது. அவுன்ஸுக்கு 11, 7 என்று 18 டாலர் நஷ்டம். 0.10 லாட் என்றால் 10 அவுன்ஸ், அதாவது 180 டாலர்.

சார்ட்டில் அந்த நிமிடத்தின் உச்சம் 2403-தான். பிறகு 2404-இல் வைத்த ஆர்டர் எப்படி மாட்டியது? வர்த்தக மென்பொருளான மெட்டாட்ரேடரின் சார்ட் வழக்கமாக பிட் விலையை, அதாவது நாம் விற்கும் விலையை மட்டும் வரையும். பை ஸ்டாப் மாட்டுவது ஆஸ்க் விலையில், அதாவது நாம் வாங்கும் விலையில். இரண்டுக்கும் இடையிலான ஸ்ப்ரெட் சாதாரண நேரத்தில் ஒரு டாலருக்கும் குறைவுதான், அந்த நொடிகளில் 4 டாலர் ஆகியிருந்தது. அமைப்புகளில் ஆஸ்க் கோட்டை இயக்கினால் நேரடியாகப் பார்க்கலாம்.

எல்லா எண்ணும் ஒரே பக்கம் பேசினால் இந்த முறை பலிக்கலாம். 2025 ஆகஸ்ட் 1 அப்படிப்பட்ட நாள். புதிய வேலைகள் 73,000-தான், முந்தைய இரண்டு மாதங்களில் சேர்த்து 2,58,000 குறைத்துத் திருத்தம். தங்கம் வலுவாக ஏறியது. குழுக்கள் காட்டும் படங்கள் இப்படிப்பட்ட நாட்களுடையவை. பணவீக்க அறிக்கையிலும் இதே சிக்கல் உண்டு: மொத்த எண் ஒரு பக்கமும், உணவும் எரிபொருளும் நீக்கிய எண் இன்னொரு பக்கமும் இழுக்கும்.

என் நஷ்டத்தைப் பற்றிக் குழுவினரிடம் கேட்டபோது, “சந்தை அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நாம் போடும் ஒவ்வொரு லாட்டுக்கும் அந்தச் செயலி அவர்களுக்குக் கமிஷன் தருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நாம் ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு வருமானம்.

யாராவது இதை விற்க வந்தால், செயலியின் பெயர் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, அறிக்கை வந்த நிமிடத்தில் வைத்த விலையும் கிடைத்த விலையும் தெரியும் கணக்கு வரலாற்றைக் கேளுங்கள், அதுவும் எண்கள் முரண்பட்ட ஒரு மாதத்துக்கு.