அரங்கேற்ற வீடியோவுக்கு ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நடக்கும் ஓர் அரங்கேற்றத்தை எடுத்துக்கொள்வோம். பூஜை, அலாரிப்பு முதல் தில்லானா வரை முழு மார்க்கம், நடுவே உடை மாற்றும் இடைவேளை, கடைசியில் பெரியவர்கள் பேச்சு எல்லாம் சேர்ந்தால் மூன்றேகால் மணி நேரம். முழு மேடைக்கு ஒரு 4கே கேமரா, முகத்துக்கும் அபிநயத்துக்கும் இன்னொன்று, பால்கனியில் ஓர் ஐபோன். லாமிங்டன் ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி "எத்தனை டிபி?" என்பதுதான். அதற்குப் பதில் கையில் இல்லாமல் போனால், கடையில் இருப்பதை வாங்கி வருவோம்.

கணக்கு சின்னதுதான். கேமரா மெனுவில் 100M, 50M என்று போட்டிருப்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. ஃபைலின் அளவு பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 எம்பி, ஒரு மணிக்கு 3,600 நொடி, 45 ஜிபி. மெனுவில் உள்ள எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான ஜிபி வந்துவிடும். 50M-க்கு 22.5, பழைய ஹெச்டி கேம்கார்டரின் 24M-க்கு 10.8. ஒலிக்கு மணிக்கு ஒரு ஜிபிக்கும் குறைவு. நாற்பது நிமிட வர்ணம் ஒன்றே, 100M-இல் ஒரு கேமராவுக்கு 30 ஜிபி பிடிக்கும்.

போனில் கதை வேறு. ஐபோனில் ஹை எஃபிஷியன்ஸி வகையில் 4கே, 30 ஃப்ரேம் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி; மணிக்குப் பத்து ஜிபி. அதையே 60 ஃப்ரேமுக்கு மாற்றினால் நிமிடத்துக்கு 400 எம்பி, மணிக்கு 24 ஜிபி. கேமராவின் 4கே-க்கு 45, போனின் 4கே-க்கு 10 என்பதைக் கவனியுங்கள். '4கே' என்ற சொல்லை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. பிட்ரேட்தான் அளவைத் தீர்மானிக்கிறது. வேறு போன் என்றால் ஒத்திகையில் ஐந்து நிமிடம் எடுத்து, ஃபைல் அளவைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். ஜதி ஓடும்போது எடுக்க வேண்டும்: போன் அசைவுக்கேற்ப பிட்ரேட்டை ஏற்றி இறக்கும், வெறும் மேடையை எடுத்தால் கணக்குக் குறைவாகக் காட்டும். கணினியில் FFmpeg நிறுவியிருந்தால், துல்லியமாகப் பார்க்க இந்த ஒரு வரி போதும், C0001.MP4 இடத்தில் உங்கள் ஃபைலின் பெயரைப் போடுங்கள்:

```
ffprobe -v error -show_entries format=duration,size,bit_rate -of default=noprint_wrappers=1 C0001.MP4
```

வரும் bit_rate எண்ணைப் பத்து லட்சத்தால் வகுத்தால் மெகாபிட் கணக்கு.

நம் நிகழ்ச்சிக்கு வருவோம். இரண்டு கேமரா, தலா 3.25 மணி, மணிக்கு 45: 292.5 ஜிபி. ஐபோன் 33. மொத்தம் சுமார் 326. எடிட் செய்த மூன்று மணி நேரப் படத்தை 60 மெகாபிட்டில் எடுத்தால் இன்னொரு 81. ஆக 407. எடிட்டிங் மென்பொருள் தன் வேலைக்காக எழுதிக்கொள்ளும் தற்காலிக ஃபைல்களையும் சேர்த்தால் 450 என்று வைத்துக்கொள்ளலாம். 500 ஜிபி டிஸ்க் கழுத்துவரை நிரம்பிவிடும். அதை வாங்க வேண்டாம். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் 931 என்றுதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருளில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆல் எண்ணுகிறது, இடம் அதேதான்.

இப்போது ஒப்பீடு. பலரும் வேகத்தைப் பார்த்து எஸ்எஸ்டி பக்கம் போகிறார்கள். கார்டிலிருந்து இறக்குவதற்கு மட்டும் என்றால் அது வீண் செலவு. சாதாரண யுஹெச்எஸ்-1 எஸ்டி கார்டு, நொடிக்கு 90 எம்பி அளவில்தான் படிக்கக் கொடுக்கும். 326 ஜிபிக்கு ஒரு மணி நேரம். எஸ்எஸ்டி நொடிக்கு 1,000 எம்பி எழுதக்கூடியதாக இருந்தாலும் கார்டு தருவதற்கு மேல் எழுத முடியாது. பையில் போகும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 130 எம்பி வாங்கிக்கொள்ளும். அங்கே அதுவே போதும்.

ஹார்ட் டிஸ்க் திணறும் இடங்கள் இரண்டு. முதலாவது எடிட்டிங். இரண்டு கேமராவையும் போனையும் ஒரே டைம்லைனில் ஓட்டும்போது, படிக்கும் முனை தட்டின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், படம் விக்கும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லாததால் அங்கே அது சரளமாக ஓடும். இரண்டாவது, இந்தச் சிறிய டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் முறையில், தடங்களை ஓடு வேய்ந்தது போல் ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எழுதுபவை. புதிதாக இருக்கும்போது தெரியாது. பழையதை அழித்துவிட்டு மீண்டும் நிரப்பும்போது, 120-இல் தொடங்கும் காப்பி சில பத்து ஜிபி கழித்து 30-க்கு இறங்கும். காப்பி முடிந்தபிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்; உள்ளே இன்னும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது. அப்போது பிடுங்கக் கூடாது.

வேகம் தொடக்கத்திலிருந்தே 35, 40-இல் நின்றால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், கேபிளைப் பாருங்கள். போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2 வேகம்தான். டிஸ்க்கோடு வந்த கேபிளை மாற்றிச் செருகினால் உடனே வித்தியாசம் தெரியும்.

எஸ்எஸ்டிக்கும் குறை உண்டு. ஒரே கொள்ளளவுக்கு விலை கூடுதல். மலிவான வகைகளில் முதல் சில பத்து ஜிபி வேகமாக எழுதி, அந்த இடைக்காலச் சேமிப்பு நிரம்பியதும் வேகம் சரியும். முக்கியமானது: எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்துவைக்கிறது, மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் போட்டுவைக்கும் பொருளல்ல. பெண்ணின் கல்யாணம் வரை பத்திரமாக இருக்க வேண்டிய அரங்கேற்றத்தை ஒற்றை எஸ்எஸ்டியில் விடக் கூடாது. மறுபக்கம், ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் போதும். லோக்கல் ரயிலில் பையில் போகலாம், லேப்டாப்பில் செருகி ஓடும் நிலையில் போகக் கூடாது.

தனி அடாப்டர் கேட்கும் மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க், ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நிகழ்ச்சி எடுப்பவருக்குத்தான். பென் டிரைவ் உறவினருக்குப் படத்தைக் கொடுக்க மட்டும்.

ஆண்டுக்கு மூன்று நான்கு நிகழ்ச்சி நடத்தும் நடனப் பள்ளிக்கு என் தேர்வு இதுதான்: வேலைக்கு ஒரு 1 டிபி எஸ்எஸ்டி, சேமிப்புக்கு இரண்டு 2 டிபி ஹார்ட் டிஸ்க். இரண்டிலும் ஒரே பிரதி. ஒன்று பள்ளியில், ஒன்று வேறு வீட்டில். ஜூலை மழையில் இரண்டையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். விண்டோஸும் மேக்கும் மாறிமாறிப் பயன்படுத்துபவர்கள் exFAT-இல் ஃபார்மட் செய்யலாம். அது சட்டெனப் பிடுங்கினால் எளிதில் கெடும் என்பதால் 'Safely Remove' கொடுக்காமல் கழற்றாதீர்கள். விண்டோஸ் மட்டும் என்றால் NTFS.

நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் பெரிய எஸ்எஸ்டிகளில், உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டை வைத்து 2 டிபி என்று பொய்யாகக் காட்டும் போலிகள் உண்டு. நிரம்பும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். திறந்து பார்த்தால் பின்பாதி ஃபைல்கள் ஓடாது. வாங்கிய அன்றே, உள்ளே எதுவும் வைக்கும் முன், விண்டோஸில் H2testw என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். மேக், லினக்ஸில் f3. முழு இடத்தையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். 2 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு ஓர் இரவைத் தாண்டலாம்.

நிகழ்ச்சி முடிந்த இரவு, இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் இறக்கி, ஒவ்வொரு ஃபைலையும் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்த பிறகே கேமரா கார்டுகளை ஃபார்மட் செய்யுங்கள்.