31,000 ரூபாய் போனது: வீட்டுக்கு நர்ஸ் அமர்த்தும் முன் இதைப் படியுங்கள்

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். பணம் கட்டி இன்றோடு பதினேழு நாட்கள். 31,000 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் அசைவில்லை, மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. எனக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் விசாரித்தோம். சாப்பாடு உட்பட மாதம் 28,000 என்றார்கள். தருமபுரியில் வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி ஒன்று, இருபத்துநான்கு மணி நேரமும் உடனிருக்க 24,000 கேட்டது. டயப்பரும் மருந்தும் இரண்டு இடத்திலும் நம் செலவுதான். நாலாயிரம் மிச்சம், அம்மாவும் தன் வீட்டிலேயே இருப்பார் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கே தப்பு.

ஏஜென்சிக்காரர் வீட்டுக்கே வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, செயலிழந்த அந்தக் கையையே பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீர்கள் அம்மா, இனிமேல் எங்கள் பொறுப்பு" என்றார். அம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அங்கேதான் நான் விழுந்தேன். பதிவுக் கட்டணம் 7,000, ஒரு மாத முன்பணம் 24,000, ஆக 31,000 ரூபாயை அந்த இடத்திலேயே கொடுத்தேன். ஏழாயிரத்துக்கு மட்டும் ரசீது. மீதியை அவருடைய சொந்த எண்ணுக்குப் போனிலேயே அனுப்பினேன்.

வந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். நர்சிங் படித்தவள் இல்லை. முதல் நாளே அம்மாவைப் படுக்க வைத்தபடி குழாயில் கஞ்சி ஊற்றினாள், அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து ஊற்ற வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யார் யாருக்குச் சம்பளம் கொடுப்பது?

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும். பகல் முழுதும் வேலை செய்த ஒருத்தி இரவில் எத்தனை முறை எழுந்திருப்பாள்? தூங்கிவிட்டாள். ஏழாம் நாள் அம்மாவின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குக் கருத்துச் சூடாக இருந்தது. சாதாரண சிவப்பு என்றால் விரலால் அழுத்தி எடுத்ததும் ஒரு கணம் வெளுக்கும். இது வெளுக்கவே இல்லை. படுக்கைப் புண் தொடங்கியதன் அடையாளம் அது. ஒன்பதாம் நாள் தோல் உரிந்துவிட்டது. அன்று மாலையே அந்தப் பெண், ஏஜென்சி தனக்குச் சம்பளமே தரவில்லை என்று அழுதபடி பஸ் ஏறிவிட்டாள்.

அதன் பிறகு போன். "இரண்டு நாளில் வேறு ஆள் வருவார் அண்ணா." இரண்டு நாள் கழித்து, "மேலாளர் வெளியூரில் இருக்கிறார்." நேரில் போனால், ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டுகிறார்கள்: கட்டிய பணம் திருப்பித் தரப்படாது. ஒன்பது நாளுக்கு, நாளொன்றுக்கு 800 வீதம் 7,200 எடுத்துக்கொள்ளுங்கள், முன்பணத்தில் மீதி 16,800 தாருங்கள் என்றேன். "ஆளைத் துரத்தியதே நீங்கள்தானே" என்றார், அம்மாவின் கையைப் பிடித்த அதே மனிதர். இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. 31,000 ரூபாய் எனக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

சரியான கணக்கு இதுதான். 24,000 சம்பளத்தோடு அந்தப் பெண்ணின் சாப்பாட்டுக்கு நாலாயிரமாவது ஆகும். அப்போதே 28,000. இரவுக்குத் தனியாக ஆள் வேண்டுமென்றால் இன்னொரு 12,000. நாற்பதாயிரம். இல்லத்தில் ஷிப்ட் மாறி ஆள் வருகிறார்கள், அந்த 28,000க்குள் இரவும் அடக்கம். அங்கேயும் இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்று கேட்டுவிடுங்கள்.

நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மாத முன்பணம் கொடுக்காதீர்கள், வாரக் கூலியாகக் கொடுங்கள். சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்கள். 2021இல் நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம்தான், எனக்குத்தான் புத்தி வரவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள், காசு கிடையாது. முழுநேரம் இருக்க மாட்டார்கள், ஆனால் புண்ணைப் பார்த்துக் கட்டுவார்கள். ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் எண்ணுக்குப் பேசுங்கள், நானும் பேசிவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இரவு இரண்டு மணி ஆகிறது. அம்மாவைப் புரட்ட வேண்டும்.