'வட்டாரங்கள்' என்பவர் யார்? பெயர் மறைக்கும் விதியை எழுத மூன்று வழிகள்

தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன' என்ற வரி மனப்பாடம். அந்த வட்டாரங்கள் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். டீக்கடையில் நிருபரிடம் பேசிய ஓர் உதவியாளர், அச்சில் ஏறும்போது பன்மையாகிவிடுகிறார். 'கூறப்படுகிறது' என்பது இன்னும் வசதி. அதில் கூறியவரே காணாமல் போய்விடுகிறார்.

ஒரு செய்தி நிறுவனத்தின் ஒழுக்க நெறிகளைத் திருத்தி எழுத உட்கார்ந்தால் முதலில் கை வைக்க வேண்டியது இந்தப் பகுதியில்தான். 'தகவல் தருவோரின் பெயரை மறைப்பதில் எச்சரிக்கை தேவை' என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். யாரும் மறுக்க மாட்டார்கள். அச்சு நேரம் நெருங்கும் இரவு ஒன்பதரை மணிக்கு அது யாருக்கும் உதவவும் உதவாது. இந்த எச்சரிக்கையைப் புழங்கும் விதியாக மாற்ற அமெரிக்காவில் மூன்று வழிகளை முயன்றிருக்கிறார்கள். மூன்றையும் அருகருகே வைத்தால் ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்பது தெரியும்.

முதல் வழி, கொள்கையைக் கூர்மையாக்குவது. அமெரிக்கத் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் 1996 நெறிகள், முடிந்தவரை தகவலாளரை அடையாளம் காட்டுங்கள், பெயரை மறைப்பதாக வாக்களிக்கும் முன் அவருடைய நோக்கத்தைக் கேள்வி கேளுங்கள் என்றன. 2014 திருத்தத்தில் இன்னும் இறங்கி வந்தார்கள். ஆபத்தோ பழிவாங்கலோ வேறு தீங்கோ நேரக்கூடியவருக்கு, அதுவும் வேறெங்கும் கிடைக்காத தகவல் வைத்திருப்பவருக்கு மட்டுமே பெயர் மறைப்பு. ஏன் மறைத்தோம் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டும். 'முடிந்தவரை' போன இடத்தில் சரிபார்க்கக்கூடிய இரண்டு நிபந்தனைகள் வந்தது நல்ல முன்னேற்றம். ஆனால் யார் சரிபார்ப்பது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. பல ஊர்களில் பல நிறுவனங்களில் இருப்பவர்களுக்காக ஒரு சங்கம் எழுதுவது. அதனால் சொல்லவும் முடியாது. ஒரு நாளிதழ் அதை அப்படியே நகலெடுத்தால் அந்தக் குறையும் கூடவே வந்துவிடும்.

இரண்டாவது வழி அசோசியேட்டட் பிரஸ் செய்தி முகமையுடையது. நிபந்தனைகளை வரிசையாக வைத்து, எல்லாம் பொருந்தினால்தான் கதவு திறக்கும் என்பது. வந்திருப்பது கருத்தாகவோ ஊகமாகவோ இல்லாமல் தகவலாக இருக்க வேண்டும். செய்திக்கு இன்றியமையாததாக இருக்க வேண்டும். வேறு வழியில் கிடைக்காததாக இருக்க வேண்டும். சொல்பவர் அதை நேரடியாக அறியும் இடத்தில் இருக்க வேண்டும். மேலாளர் ஒப்புதலும் தேவை. பெயர் சொல்லாத தகவல் என்றால் வழக்கமாக ஒருவருக்கு மேல் வேண்டும்; துல்லியத்தில் ஐயமே எழாத அளவுக்கு விவரமாகச் சொல்லும் அதிகாரமுள்ளவர் என்றால், அரிதாக ஒருவர் போதும்.

இவ்வளவு கறாரான விதி 2022 நவம்பர் 15 அன்று தோற்றது. உக்ரைன் எல்லையை ஒட்டிய போலந்துக் கிராமமான ஷெவோதுஃபில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தார்கள். ரஷ்ய ஏவுகணைகள் போலந்துக்குள் வந்துவிட்டன என்று, பெயர் சொல்லாத அமெரிக்க மூத்த உளவு அதிகாரி ஒருவரை ஆதாரமாகக் காட்டி முகமை அவசரச் செய்தி அனுப்பியது. போலந்து நேட்டோ உறுப்பு நாடு. செய்தி உண்மையானால் கூட்டணி முழுவதும் போருக்குள் இழுக்கப்படலாம். மறுநாள் முகமை செய்தியைத் திரும்பப் பெற்றது: ஏவுகணைகள் ரஷ்யத் தயாரிப்புதான், ஆனால் ரஷ்யத் தாக்குதலைத் தடுக்க உக்ரைன் ஏவியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தகவல் கொண்டுவந்த செய்தியாளர் வேலை இழந்தார்.

அன்று ஆசிரியர்களுக்குள் நடந்த குறுஞ்செய்தி உரையாடல் பின்னர் வெளியானது. இதை வைத்தே அனுப்பலாமா, இன்னோர் உறுதிப்பாடு வேண்டுமா என்று ஒருவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அனுப்பலாம் என்பதே என் வாக்கு என்றார் இன்னொருவர். அமெரிக்க உளவு அதிகாரி இதில் தவறாகச் சொல்வார் என்று கற்பனைகூடச் செய்ய முடியவில்லை என்றும் சேர்த்தார். விதியை அவர்கள் மறந்துவிடவில்லை. விதியில் இருந்த 'அரிதாக' என்ற சொல்லின் வழியாகத்தான் வெளியே வந்தார்கள். 'நேரடியாக அறியும் இடம்' என்ற நிபந்தனைக்கு அதிகாரியின் பதவியையே விடையாக எடுத்துக்கொண்டார்கள். ஏவுகணை எங்கிருந்து கிளம்பியது என்பதை அவர் எதை வைத்துச் சொன்னார் என்ற கேள்வி, வெளியான உரையாடலில் இல்லை. பெரிய பதவியில் இருப்பவரும் நடைவழியில் காதில் விழுந்ததைச் சொல்வதுண்டு.

மூன்றாவது வழி நியூயார்க் டைம்ஸுடையது. 2015 டிசம்பரில், கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்ட பெண் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகவே ஜிகாதை ஆதரித்து எழுதியதாகப் பெயர் சொல்லாத அதிகாரிகளை நம்பி அந்த இதழ் எழுதியது. அவை உண்மையில் தனிப்பட்ட செய்திகள். 2016 மார்ச்சில் புதிய விதி வந்தது. செய்தியின் முதன்மைத் தகவலே பெயரிலி ஒருவரை நம்பி நின்றால், ஆசிரியர் குழுவின் உச்சியில் இருக்கும் மூவரில் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். மற்றவற்றுக்குத் துறைத் தலைவரோ துணைத் தலைவரோ. முதல் வழி விட்ட இடத்தை இது பிடித்துவிட்டது. 'யார்?' என்பதற்குப் பதவியோடு விடை இருக்கிறது.

கையெழுத்து ஒன்றே போதுமா என்றால், அதற்கும் போலந்துச் செய்தியே பதில். அந்தத் தகவலாளரை மூத்த ஆசிரியர் ஒருவர் ஏற்கெனவே சரிபார்த்துவிட்டார் என்று செய்தியாளர் சொல்ல, கேட்டவர்கள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆசிரியர் முன்பு அந்த ஆளைப் பயன்படுத்த இசைந்தது உண்மை. ஆனால் ஏவுகணைச் செய்தி அவர் கவனத்துக்கே வரவில்லை என்று பின்னர் செய்திகள் வெளியாயின. ஒப்புதல் ஆளுக்கா, தகவலுக்கா என்று விதி பிரித்துச் சொல்லாவிட்டால் நேற்றைய கையெழுத்து இன்றைய செய்திக்கும் செல்லுபடியாகிவிடும்.

இதுவரை பேசாத இன்னொரு பக்கமும் உண்டு. 1982இல் மினசோட்டா மாநிலத் தேர்தலின்போது டான் கோஹன் என்ற பிரசாரகர், எதிரணி வேட்பாளரின் பழைய கடைத்திருட்டு வழக்கு ஆவணங்களை, தன் பெயர் வெளிவராது என்ற வாக்குறுதியின் பேரில் செய்தியாளர்களிடம் கொடுத்தார். இரண்டு நாளிதழ்களின் ஆசிரியர்கள், கடைசி நேரத்தில் சேறு வாரிப் பூசியவர் யார் என்பதே செய்தி என்று முடிவெடுத்து அவர் பெயரை அச்சிட்டார்கள். அன்றே அவருக்கு வேலை போனது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாக்குறுதியை மீறியவர்களுக்குப் பேச்சுரிமை கேடயம் ஆகாது என்று 1991இல் தீர்ப்பானது. கடைசியில் அவருக்கு 2 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆசிரியர்களின் வாதம் அற்பமானதல்ல என்பது என் எண்ணம். வாக்குறுதி கொடுக்கும் முன் அந்த வாதம் வந்திருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தவர் நிருபர், மீறியவர் ஆசிரியர்; இருவருக்கும் நடுவில் எழுதப்பட்ட எல்லைக்கோடு வேண்டும்.

நான் வரைவு எழுதினால் இரண்டாவது வழியின் நிபந்தனைகளைக் கேள்விகளாக உடைத்து, மூன்றாவது வழியின் கையெழுத்தை அவற்றின் மேல் வைப்பேன். ஏறக்குறைய இப்படி:

"பெயர் சொல்லாத ஒருவரின் தகவலை வெளியிடும் முன் நிருபர் எழுத்தில் விடை தர வேண்டியவை: இவர் இதைத் தாமே பார்த்தாரா, ஆவணத்தில் படித்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? இதை அறியக்கூடிய வேறு யாரிடம் எத்தனை மணிக்குக் கேட்டோம்? பெயர் வெளிவந்தால் இவர் எதை இழப்பார்? நாம் எழுதப்போகும் அடையாளம் எத்தனை பேருக்குப் பொருந்தும்? ஒப்புதல் இந்தத் தகவலுக்கு மட்டுமே. அதே நபரின் அடுத்த தகவலுக்குப் புதிதாகப் பெற வேண்டும். ஒருவரை மட்டும் நம்பி வெளியிடும் முடிவு ஆசிரியருடையது. அவர் கிடைக்காவிட்டால் செய்தி காத்திருக்கும். நிருபர் கொடுத்த வாக்குறுதியை ஆசிரியர் மீற முடியாது, செய்தியைக் கைவிடலாம். ஒருவரைப் பன்மையில் எழுதக் கூடாது."

இதை ஒரு கற்பனைச் சூழலில் ஓட்டிப் பார்க்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் வேலை செய்பவர், காலாவதியான மருந்தை நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் சொல்கிறார். வேலை போய்விடும், பெயர் வேண்டாம் என்கிறார். முதல் வழியின்படி பழிவாங்கல் அபாயம் உண்டு, தகவலும் அரிது, பெயரை மறைக்கலாம். அதோடு அது நின்றுவிடுகிறது. இந்த வரைவின் முதல் கேள்வியைக் கேட்டால் நிலைமை மாறுகிறது. அவர் பார்த்தது இருப்புப் பதிவேட்டில் காலாவதித் தேதியையும், வார்டுக்கு அனுப்பிய கணக்கையும். நோயாளிக்குக் கொடுத்ததை அவர் பார்க்கவில்லை; செவிலியர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறார். ஆக, இன்றிரவு எழுதக்கூடியது மருந்து வார்டுக்குப் போனது வரைதான், அதுவும் பதிவேட்டுப் பக்கம் கைக்கு வந்தால். நோயாளிகளைப் பற்றிய வரிக்குச் செவிலியரைத் தேட வேண்டும்.

நான்காவது கேள்விதான் பலர் தவறவிடுவது. 'மருந்துக் கிடங்கு ஊழியர் ஒருவர்' என்று எழுதினால், அந்தக் கிடங்கில் இருப்பவர்கள் மூன்றே பேர் என்ற நிலையில் மறைத்த பெயர் காலையிலேயே தெரிந்துவிடும். 'மருத்துவமனை ஊழியர்' என்றால் சில நூறு பேர். தெளிவு குறைகிறது, ஆள் பிழைக்கிறார். நம்பகத்தன்மைக்கு அடையாளத்தை நெருக்கமாகச் சொல், பாதுகாப்புக்கு விலக்கிச் சொல் என்ற இழுபறிக்குச் சூத்திரம் கிடையாது. பதிவேட்டின் நகல் கையில் இருந்தால் தகவலாளரைப் பற்றி ஒரு சொல்கூடத் தேவைப்படாது, ஆவணம் பேசிவிடும். ஆனால் அந்தப் பக்கத்தைப் படமெடுக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்றால் நகலே அவரைக் காட்டிக்கொடுக்கும். அந்த நான்காவது கேள்வியை ஆவணத்துக்கும் கேட்க வேண்டும்.

வாக்குறுதியின் எல்லையையும் அவரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தியப் பிரஸ் கவுன்சில் சட்டம், கவுன்சிலின் விசாரணையில் தகவலாளரைக் காட்டச் சொல்லிப் பத்திரிகையாளரை வற்புறுத்த முடியாது என்கிறது. நீதிமன்றங்களுக்கு அப்படி ஒரு சட்டத்தடை இல்லை. ஆகவே 'எந்தக் காலத்திலும் வெளிவராது' என்று நிருபர் சொன்னால், தன் கையில் இல்லாததை அவர் கொடுக்கிறார்.

இந்த வரைவுக்கும் விலை உண்டு. ஆசிரியருக்காகக் காத்திருந்த செய்தி மறுநாள் போட்டி இதழில் முதல் பக்கத்தில் வரும். விடை எழுத ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் படிவம் என்றால், அச்சு நேரத்தில் அதை வெளியான பிறகுதான் நிரப்புவார்கள். அதனால்தான் கேள்விகளை நான்கோடு நிறுத்தினேன். நோக்கத்தைப் பற்றிய கேள்வியை மனமில்லாமல்தான் விட்டேன். கோஹனின் நோக்கம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, ஆவணமும் உண்மைதான்.

எனக்கு இன்னும் தீராத இடம் ஒன்று. பெரிய நிறுவனங்கள், தகவலாளர் யார் என்பது ஓர் ஆசிரியருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. சிறிய ஊரில், அந்த ஆசிரியரும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் ஒரே தெருவில் குடியிருக்கலாம். அங்கே நிருபர் பெயரைச் சொல்லத் தயங்கினால் அது பிடிவாதம் ஆகாது. வரைவில் அந்த வரியை இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: பெயரை எந்த ஆசிரியரிடம் சொல்வது என்பதை நிருபர் தேர்ந்தெடுக்கலாம், யாரிடமும் சொல்ல முடியாது என்றால், ஆவணம் கிடைக்கும் வரை செய்தி இல்லை.